மின்விசிறி நின்ற இடம்

ஒரு முகூர்த்தப் படம். மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். பெண் தலை குனிந்திருக்கிறாள். நாத்தனார் மூன்றாவது முடிச்சுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். அட்சதை இன்னும் தரையில் விழவில்லை, காற்றில் நிற்கிறது. அந்த வீட்டார் தலைமுறைக்கும் வைத்திருக்க வேண்டிய படம். வலது ஓரத்தில், பெண்ணின் அத்தை தோளுக்குப் பின்னால், ஆளுயரத்துக்கு ஒரு பெடஸ்டல் ஃபேன். ஹோமப் புகை பெண்ணின் கண்ணில் படக்கூடாது என்று யாரோ நல்லெண்ணத்தில் வைத்தது. கூண்டில் மண்டபத்தின் பெயர் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது.

“தம்பி, வேற எதையும் தொட வேண்டாம். அந்த ஃபேன் மட்டும் இல்லாம பண்ணிக் குடுங்க, போதும்” என்றார் பெண்ணின் அப்பா.

ஃபேனை எடுக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. க்ளோன் கருவியால் பக்கத்துத் திரைத்துணியை எடுத்து ஃபேனின் மேல் ஒட்டினேன். விளிம்புகளை ஹீலிங் பிரஷ்ஷால் இழைத்தேன். இதை இன்றைக்குப் பழகிய எந்தப் பையனும் செய்துவிடுவான். அந்தப் படத்தைக் கொடுக்கலாமா என்று பார்ப்பதற்கு அதைவிட அதிக நேரம் ஆனது. மூன்று இடத்தில் பார்த்தேன்: கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, செல்போனில், கடைசியாகக் காகிதத்தில். ஒவ்வோர் இடத்திலும் வேறொரு தப்பு கிடைத்தது. ஓர் இடத்தில் தெரிந்தது மற்ற இரண்டிலும் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கம்ப்யூட்டர். படம் 6000 பிக்சல் அகலம், 4000 உயரம். என் திரையில் கருவிப் பட்டைகள் போக மிஞ்சும் இடம் சுமார் 1500க்கு 900. முழுப் படமும் திரைக்குள் அடங்கியிருக்கும்போது நாம் பார்ப்பது சுருக்கிய நகல்தான். பதினாறு புள்ளிகளையோ இருபது புள்ளிகளையோ சேர்த்து ஒரு புள்ளியாக மென்பொருள் காட்டுகிறது. அந்தச் சுருக்கத்தில் எந்த விளிம்பும் அழகாகத்தான் இருக்கும். Ctrl+1 அழுத்தினால் படம் 100 சதவீதத்துக்கு வரும்: படத்தின் ஒரு பிக்சல், திரையின் ஒரு பிக்சல். அங்கேதான் உண்மை நிலவரம் தெரியும். 67, 33 போன்ற அளவுகளில் மென்பொருள் புள்ளிகளைக் கலந்து காட்டுவதால் அங்கே பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. விளிம்புக்கு மட்டும் 200 வரை போகலாம். 400, 500 என்று போனால் வெறும் சதுரங்கள்தான் மிஞ்சும். எந்தக் கண்ணுக்கும் தெரியாத சதுரங்களைத் திருத்திக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருப்போம்.

100 சதவீதத்தில் முதலில் பிடிபட்டது அத்தையின் தோள். ஃபேனின் தண்டு அந்தத் தோளை ஒட்டி நின்றது. தண்டை எடுத்த பிறகும் தோளோரம் இரண்டு பிக்சல் அகலத்துக்கு ஒரு வெள்ளிக் கோடு மிஞ்சியிருந்தது. அந்தக் கோட்டைத் துடைத்ததும் வேறொன்று கண்ணில் பட்டது. லென்ஸ் எந்த விளிம்பையும் பிளேடால் வெட்டியதுபோல் காட்டாது. புடவை முடிந்து துணி தொடங்கும் இடத்தில் இரண்டு மூன்று பிக்சலுக்கு நிறம் மெல்ல மாறும். நான் தொட்ட பகுதியில் மட்டும் தோள் கத்தரித்து ஒட்டியது மாதிரி கூர்மையாக இருந்தது. அதே தோளின் மேற்பகுதியில், நான் தொடாத இடத்தில் விளிம்பு எவ்வளவு மென்மையாக இருக்கிறதோ அந்த அளவுக்கு இதையும் மென்மையாக்கினேன். அளவுகோல் படத்துக்குள்ளேயே இருக்கிறது. வெளியே தேட வேண்டியதில்லை.

அடுத்தது மணல் மணலாகத் தெரியும் புள்ளி. மண்டபத்துக்குள் வெளிச்சம் குறைவு என்பதால் போட்டோகிராபர் ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றி எடுத்திருந்தார். அப்படி எடுத்த படத்தில் துணி, சுவர், தோல் எல்லாவற்றின் மேலும் மெல்லிய மணல் தூவியதுபோல் இரைச்சல் இருக்கும். ஹீலிங் பிரஷ்ஷைப் பலமுறை ஒரே இடத்தில் தேய்த்தால் அந்த மணல் கரைந்துபோய் அந்த இடம் மட்டும் மெழுகு தடவியது மாதிரி ஆகிவிடும். என் ஒட்டில் உள்ளங்கை அகலத்துக்கு அப்படி ஒரு மெழுகு. அதன்மேல் மட்டும் கொஞ்சம் செயற்கை மணல் சேர்த்து, பக்கத்துத் துணியோடு கலக்கும்வரை அளவைக் கூட்டிக் குறைத்தேன்.

சாதாரணக் கண்ணுக்குத் தப்பும் ஒட்டுகளைக் காட்டிக்கொடுக்கப் பழைய ரீடச்காரர்கள் கையாளும் ஒரு வழி உண்டு. படத்துக்கு மேலே ஒரு Curves லேயரை வைத்து, அதன் கோட்டை மலைத்தொடர்போல ஏற்றி இறக்கி வளைக்க வேண்டும். படம் பயங்கரமான நிறங்களுக்கு மாறும். ஒரு சின்ன வெளிச்ச வித்தியாசம்கூட அதில் கறுப்பு வெள்ளையாகப் பிரிந்து நிற்கும். நல்ல ஒட்டு அந்த அலங்கோலத்திலும் பக்கத்துத் துணியோடு சேர்ந்தே ஓடும். கெட்ட ஒட்டு தீவு மாதிரி தனித்து நிற்கும். என் ஒட்டின் மேல்விளிம்பு தீவாக நின்றது. திருத்தினேன். பார்த்து முடித்ததும் அந்த லேயரை அழித்துவிட வேண்டும்.

இத்தோடு எழுந்திருப்பவர்கள்தான் அதிகம். ஏனென்றால் எல்லோரும் ஃபேன் இருந்த இடத்தை மட்டும் பார்க்கிறோம். எடிட் செய்தவனின் கை வேறெங்காவது பட்டிருந்தால்? மூலப் படத்தை மேல் லேயராக வைத்து, அதன் கலப்பு முறையை Difference என்று மாற்றினால், மாறாத இடமெல்லாம் சுத்தக் கறுப்பாகும். மாறிய இடம் மட்டும் மின்னும். ஃபேனின் வடிவம் மின்னியது, அது சரி. ஆனால் படத்தின் நடுவில் தனியாக ஒரு பொட்டு மின்னியது. பெரிதாக்கிப் பார்த்தால் பெண்ணின் மூக்கு. படத்தை நகர்த்தும்போது ஸ்பேஸ் பட்டனைச் சரியாக அழுத்தாமல் விட்டிருக்கிறேன், ஹீலிங் பிரஷ் ஒரு தட்டுத் தட்டி மூக்குத்தியைத் தழும்பு என்று நினைத்து அழித்துவிட்டது. அந்த முகத்தை அதற்குள் முப்பது தடவையாவது கடந்து போயிருப்பேன், கவனிக்கவில்லை. அந்த வீட்டில் அத்தனை பேரும் முதல் பார்வையிலேயே கவனித்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு ஃபேன் இல்லாத பகுதிகளையும் வரிசையாகப் பார்க்கிறேன். ஃபோட்டோஷாப்பில் Home அழுத்தினால் படத்தின் இடது மேல்மூலைக்குப் போகும். Page Down அழுத்தினால் ஒரு திரை கீழே, Ctrl+Page Down அழுத்தினால் ஒரு திரை வலதுபுறம். என் திரையில் முழுப் படமும் இருபது கட்டம். கட்டத்துக்குப் பத்து நொடி வைத்தாலும் நாலு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மவுஸால் இஷ்டத்துக்கு அலைந்தால் கண் தனக்குப் பிடித்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகும்.

இப்போது செல்போன். படத்தை மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து கேபிளில் ஏற்றிப் பார்ப்பதில் பயன் குறைவு. வாடிக்கையாளர் கைக்கு அது வாட்ஸ்அப்பில்தான் போகப்போகிறது. வழக்கமான தரத்தில் அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தின் நீளப்பக்கத்தைச் சுமார் 1600 பிக்சலாகக் குறைத்து, மேலும் நெருக்கிச் சுருக்கும். 6000 பிக்சல் 1600 ஆகும்போது, பதினான்கு புள்ளிக்கு ஒரு புள்ளிதான் மிஞ்சுகிறது. 2023இல் எச்டி தரத்தில் அனுப்பும் வசதி வந்தது. டாக்குமென்ட்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். ஆனால் வாடிக்கையாளர் அதைச் சித்தப்பாவுக்கு அனுப்புவார், சித்தப்பா குடும்பக் குரூப்பில் போடுவார். ஆகவே சோதனைக்கு வழக்கமான தரத்திலேயே கடையின் இன்னொரு எண்ணுக்கு அனுப்பித் திறந்து பார்க்கிறேன்.

கம்ப்யூட்டரில் பெரிதாகத் தெரிந்த மணலும் விளிம்பும் போனில் மறைந்துவிடுகின்றன. அப்படியானால் போனில் பார்ப்பது எதற்கு? அங்கே படம் முழுவதும் உள்ளங்கைக்குள் ஒரே பார்வையில் விழுகிறது. 100 சதவீதத்தில் இருபது கட்டங்களாக உடைந்து கிடந்த படம் மறுபடி ஒன்றாகிறது. உடைந்து கிடந்தபோது ஒருபோதும் தெரிய வாய்ப்பில்லாத தப்புகள் இப்போது தெரியும்.

பின்னணித் திரையில் சாமந்திச் சரங்கள் தொங்கின. ஃபேன் மறைத்திருந்த இரண்டு சரங்களை, இடப்பக்கம் இருந்த ஒரு சரத்தை நகலெடுத்து உருவாக்கியிருந்தேன். அந்தச் சரத்தில் ஒரு பூ வாடிக் கருத்திருந்தது. போனில் பார்த்ததும், ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், ஒரே மாதிரி வாடிய மூன்று பூக்கள்! கம்ப்யூட்டரில் மூலச் சரம் ஒரு கட்டத்தில், நகல் அடுத்த கட்டத்தில். மூன்றும் ஒன்றாகக் கண்ணில் பட்டதே இல்லை.

இதே தப்பு உலகம் அறிய நடந்திருக்கிறது. 2006 ஆகஸ்டில் பெய்ரூட் நகரில் குண்டு விழுந்த பிறகு எழும்பிய புகையைக் காட்டும் ஒரு படத்தை ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. எடுத்தவர் அத்னான் ஹஜ். புகையின் ஒரு சுருளே அடுத்தடுத்துத் திரும்ப வருவதை இணையத்தில் பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள். க்ளோன் கருவியால் புகையைப் பெருக்கியிருந்தார். ராய்ட்டர்ஸ் அவருடனான தொடர்பை முறித்து, அவர் எடுத்த 920 படங்களையும் விற்பனையிலிருந்து விலக்கியது. செய்திப் படத்தில் பொருளைக் கூட்டுவதும் எடுப்பதும் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் கூடாத காரியம். கல்யாண ஆல்பம் அந்த வீட்டாருடையது, அவர்கள் கேட்டு எடுப்பதில் தவறில்லை. ஆனால் கண் ஒட்டைக் கண்டுபிடிக்கும் வழி இரண்டுக்கும் ஒன்றுதான்: ஒரே வடிவம் இரண்டு முறை வந்தால் மனிதக் கண் விடாது.

நகல் சரங்களில் ஒன்றைச் சற்றுத் திருப்பி, இன்னொன்றில் சில பூக்களை வேறு சரத்திலிருந்து எடுத்து மாற்றி, இரண்டையும் உயரத்தில் ஏற்றி இறக்கினேன். திரும்ப அனுப்பி, இந்த முறை கடைப் பையன் கையில் போனைக் கொடுத்தேன். அவனுக்கு ஃபேன் இருந்ததே தெரியாது. எதை எடுத்தேன் என்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அவன் கண் நேராக அங்கே போய், ‘ஒண்ணும் தெரியலண்ணே’ என்று என் மனம் கோணாமல் பேசுவான். “இதுல யார் யார் நிக்கிறாங்க, எண்ணிச் சொல்லுடா” என்று மட்டும் சொன்னேன்.

அவன் எண்ணிக்கொண்டே வந்தான். பாதியில் இரண்டு விரலால் படத்தை விரித்தான்.

“அண்ணே, அந்தப் பித்தளைக் குடத்துல என்னண்ணே வட்டமா தெரியுது?”

மணவறை ஓரத்தில் புளி போட்டுத் துலக்கிய குடம் ஒன்று இருந்தது. அதன் வயிற்றில் ஃபேனின் கூண்டும் தண்டும் பளிச்சென்று பிரதிபலித்துக்கொண்டிருந்தன. ஃபேனை எடுத்தேன், அதன் நிழலைத் தரை விரிப்பில் தேடி எடுத்தேன், பிரதிபிம்பத்தை மறந்துவிட்டேன். கம்ப்யூட்டரில் அந்தக் குடம் இருந்த கட்டத்தைப் பார்க்காமல் இல்லை, பார்த்தேன். அங்கே எந்த ஒட்டும் இல்லை, விளிம்பும் சுத்தம், மணலும் சரி. அந்தக் கட்டத்தில் தப்பே கிடையாது. ஃபேன் இல்லாத படத்தில் ஃபேனின் பிம்பம் இருப்பதுதான் தப்பு. அது முழுப் படத்தையும் சேர்த்துப் பார்ப்பவனுக்குத்தான் தெரியும்.

அன்றிலிருந்து எதை எடுத்தாலும் முதலில் அதன் நிழல், பிறகு பிரதிபலிக்கும் பொருள்கள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்க்கிறேன்: குடம், குத்துவிளக்கு, மூக்குக் கண்ணாடி, கிரானைட் தரை, கார் கதவு. போனின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றியும் ஒருமுறை பார்ப்பேன். வெளிச்சம் ஏறும்போது கம்ப்யூட்டரில் இருட்டாகத் தெரிந்த மூலைகள் திறந்துகொள்ளும். அங்கே அவசரமாகத் தேய்த்த கறை வெளியே வரும்.

மூன்றாவது காகிதம். அந்தக் குடும்பத்துக்கு 12க்கு 36 ஆல்பம், அதாவது விரித்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து 36 அங்குல அகலம், 12 அங்குல உயரம். இந்தப் படம் அதில் ஒரு விரிப்பு முழுவதும் வருகிறது. 6000 பிக்சல் 36 அங்குலத்தில் பரவினால் அங்குலத்துக்கு 167 பிக்சல்தான். லேபில் பொதுவாகக் கேட்பது 300. ஆகவே டிசைனர் படத்தை ஏறக்குறைய 1.8 மடங்கு பெரிதாக்கித்தான் பக்கத்தில் வைக்க முடியும். பெரிதாக்கும்போது நான் போட்ட ஒட்டும் பெரிதாகும். ஃபேனின் கூண்டு படத்தில் 500 பிக்சல் அகலம். போனைப் படுக்க வைத்துப் பார்த்தபோது அது விரல்நகம் அளவு. ஆல்பத்தில் மூன்று அங்குலம். தண்டும் அடிப்பாகமும் சேர்த்தால் ஒன்பது அங்குலம். மடியில் வைத்து ஒன்றரை அடி தூரத்தில் பார்க்கும் பொருள் அது.

ஆனால் முழு ஆல்பத்தையும் அச்சடித்துப் பார்க்க யாராலும் முடியாது. முடியவும் வேண்டாம். டிசைனர் முடித்த பக்கம் 300 தரத்தில் 10800க்கு 3600 பிக்சல் இருக்கும். அதில் ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றி 1800க்கு 1200 பிக்சல் அளவுக்கு மட்டும் வெட்டி, ஒரு 4க்கு 6 பிரிண்ட்டாக லேபுக்கு அனுப்ப வேண்டும். ஆறு அங்குலத்துக்கு 1800 பிக்சல் என்பதால், வரும் துண்டு ஆல்பத்தில் வரப்போகும் அதே அளவில் இருக்கும். ஒரு சாதாரணப் பிரிண்ட்டின் காசுதான். ஆல்பம் எந்தக் காகிதத்தில் வருமோ அதே காகிதம் கேட்க வேண்டும். மேட் காகிதத்தின் சொரசொரப்பு மணல் வித்தியாசத்தை ஓரளவு மூடும், க்ளாஸி காட்டிக்கொடுக்கும். லேபில் நிறத்தைத் தானாகத் திருத்தும் வசதியை நிறுத்தச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மிஷின் இந்தச் சின்னத் துண்டைத் தனிப் படமாக நினைத்து நிறத்தை மாற்றிவிடும், சோதனையே வீணாகும். கோப்பு sRGB வண்ண வெளியில் இருக்கிறதா என்பதையும் அனுப்பும் முன் பார்த்துக்கொள்வேன். Adobe RGBயில் இருக்கும் கோப்பை லேப் மிஷின் sRGB என்று எடுத்துக்கொண்டால் பட்டுப்புடவை வெளுத்துப்போய் வரும்.

துண்டு வந்தது. ட்யூப்லைட்டில் பார்த்தேன், குறையில்லை. கதவருகே கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பிடித்தபோது, ஃபேன் இருந்த இடத்தில் அரக்குத் திரைத்துணி லேசாக நீலம் பாய்ந்திருந்தது. ஃபேனின் உருவம் தெரியவில்லை, அங்கே ஏதோ இருந்தது என்பது மட்டும் தெரிந்தது. யோசித்தபோது காரணம் பிடிபட்டது. ஒட்டுக்கான துணியை நான் இடப்பக்கத்திலிருந்து எடுத்தேன். இடப்பக்கம் வீடியோக்காரரின் எல்இடி விளக்கு, வெள்ளை வெளிச்சம். வலப்பக்கம் மண்டபத்தின் மஞ்சள் விளக்கு. துணி ஒன்றே, அதன்மேல் விழுந்த வெளிச்சம் வேறு. ஒளிரும் திரையை மணிக்கணக்கில் பார்த்த கண் அந்த நிறத்துக்குப் பழகி, வித்தியாசத்தைத் தானே சமன்செய்துகொண்டுவிட்டது. காகிதம் தானாக ஒளிராது, வெளியிலிருந்து வாங்கும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. புதிய கண்ணோடு, புதிய வெளிச்சத்தில் பார்த்தபோது நீலம் நீலமாகவே தெரிந்தது.

ஒட்டின் மேல் Color முறையில் ஒரு லேயர் வைத்து, பக்கத்துத் துணியின் நிறத்தைத் தொட்டு மெல்லத் தடவினேன். மறுபடி 100 சதவீதத்தில் விளிம்பைப் பார்த்தேன், மறுபடி போனுக்கு அனுப்பினேன், மறுபடி ஒரு துண்டு. ஓர் இடத்தில் திருத்தினால் மற்ற இரண்டு இடத்திலும் திரும்பப் பார்க்கத்தான் வேண்டும். மஞ்சள் ஏற்றிய தூரிகை தோள் விளிம்பில் கசிந்திருக்குமோ என்ற பயம் எனக்கு இருந்தது. இந்த முறை கசியவில்லை.

காகிதம் சில தப்புகளை மன்னிக்கவும் செய்யும். பேப்பரில் ஆழ்ந்த நிழல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். போனில் முழு வெளிச்சத்தில் தெரிந்த மூலைக் கறை பிரிண்ட்டில் காணாமலே போய்விட்டது. அதற்காக அதை விட்டுவிடவில்லை, படம் இரண்டு வழியாகவும் போகிறது.

மூன்று சோதனையாலும் தீராத இடமும் உண்டு. ஃபேனின் தண்டு அத்தையின் தோளுக்குப் பின்னால் இல்லாமல் முகத்துக்கு முன்னால் நின்றிருந்தால், நான் எடுக்கச் சம்மதித்திருக்கமாட்டேன். தண்டு மறைத்த கன்னத்தை நான் பார்த்ததில்லை, கற்பனையில் வரைந்தால் அது அத்தையின் கன்னமாக இருக்காது. அப்படிப்பட்ட படத்தில் ஃபேனின் பளபளப்பைக் குறைத்து, கூண்டிலுள்ள எழுத்தை மட்டும் எடுத்து, மற்றதை அப்படியே விடுவதுதான் சரி என்று வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கோவில் கல்யாணப் படத்தில் நாற்காலி ஒன்றை இரண்டு நாள் உழைத்து எடுத்தேன். முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒட்டு லேயரின் கண் குறியை அணைத்தேன். திரும்பப் போட மறந்து, அப்படியே ஜேபெக்காகச் சேமித்து அனுப்பிவிட்டேன். ஆல்பம் நாற்காலியோடு வந்தது. அந்தப் பெண்ணின் அம்மா எதுவும் சொல்லவில்லை, அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டார். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. அதனால் இப்போது லேயர்கள் உள்ள வேலைக் கோப்பை மட்டும் பார்த்து எதையும் அனுப்புவதில்லை. சேமித்த ஜேபெக்கை மென்பொருளை மூடிவிட்டுத் தனியாகத் திறக்கிறேன். மேலே சொன்ன மூன்று சோதனையும் அந்தக் கோப்புக்குத்தான். வாடிக்கையாளர் கைக்குப் போவது அதுதானே.

வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு படத்தில் எதையாவது எடுக்கச் சொல்லிக் கேட்டிருந்தால், போனில் வந்த படத்தைப் பார்த்து மட்டும் ‘ஓகே’ சொல்லிவிடாதீர்கள். ஆல்பம் லேபுக்குப் போகும் முன், அந்த இடத்தை மட்டும் ஆல்பத்தில் வரும் அதே அளவில் ஒரு 4க்கு 6 துண்டாக அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அதை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். என்ன எடுத்தார்கள் என்று தெரியாத ஒருவரிடமும் காட்டுங்கள்.